எங்கள் தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு: நான் ஏன் ஸ்பான்ஸர் கையெழுத்துப் போடவில்லை

அன்புள்ள செயற்குழு நண்பர்களுக்கு,

வணக்கம். தீபாவளி விழாவுக்கு முன்பு நம் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். "நம் சங்கத்துத் தம்பி ஒருவரின் மனைவி இந்தியாவிலிருந்து வர ஒரு ஸ்பான்ஸர் தேவை. ஒழுங்காக வருமான வரி கட்டும் யாராவது ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். செலவு எதுவும் இல்லை." அதற்குக் கீழே என்னோடு சேர்த்து நாலைந்து பேரை டேக் செய்திருந்தீர்கள். நான் அந்தத் தம்பிக்குத் தனியாகப் பதில் எழுதினேன், முடியாது என்று. அது எப்படியோ வெளியே வந்து, விழாவில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, "ஒரு கையெழுத்துதானே அண்ணா, அதுக்கு இவ்வளவு யோசனையா?" என்று உங்களில் ஒருவரே கேட்டார். கையில் தட்டை வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான் இந்த மடல். அமெரிக்காவில் உள்ள மற்ற சங்கங்களிலும் இதே வேண்டுகோள் சுற்றிக்கொண்டிருப்பதால், எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

முதலில், கேட்கப்பட்டது எந்தக் கையெழுத்து என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். அது ஐ-864 படிவம். குடும்ப வழியில் கிரீன் கார்டுக்கு மனுப்போடுபவர், வருபவரைத் தன் வருமானத்தில் காப்பாற்ற முடியும் என்று அரசுக்கு எழுதிக்கொடுப்பது. அவருடைய வருமானம் போதவில்லையென்றால் இன்னொருவர் ஜாயிண்ட் ஸ்பான்ஸராக அதே படிவத்தைத் தனியாகப் பூர்த்திசெய்து கொடுக்கலாம். அந்த இன்னொருவர் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவராக, 18 வயது நிரம்பி, இங்கேயே வசிப்பவராக இருந்தால் போதும். "யாராவது ஒருவர்" என்று நீங்கள் எழுதியது சட்டப்படி சரிதான். அதற்கு மேல் எழுதியதில்தான் எனக்குச் சண்டை.

நம் சங்கத்தில் எண்பதுகளில் வந்த பெரியவர்கள் சிலர், "நாங்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேருக்குப் போட்டுக் கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. அன்று இருந்த உத்தரவாதப் பத்திரத்தை வைத்து யாரும் வழக்குப் போட்டு ஜெயிக்க முடியவில்லை. அது மனசாட்சிக்குக் கட்டுப்பட்ட வாக்கு, சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடன் அல்ல என்றுதான் நீதிமன்றங்கள் பார்த்தன. 1996-இல் வந்த குடியேற்றச் சட்டம் அதை அடியோடு மாற்றியது. 1997 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்த ஐ-864, நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒப்பந்தம். பெரியவர்களின் அனுபவம் 1997-க்கு முந்தையது. இன்று மேசைக்கு வரும் காகிதம் வேறு. சுற்றுலா விசா மாதிரியான விஷயங்களுக்கு இன்றும் இருக்கும் ஐ-134 அந்தப் பழைய வகையைச் சேர்ந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பிரச்சினை.

இந்த ஒப்பந்தம் எப்போது முடியும்? வந்தவர் அமெரிக்கக் குடிமகனாக வேண்டும். அல்லது சோஷியல் செக்யூரிட்டி கணக்கில் அவருக்கு நாற்பது காலாண்டு வேலை சேர வேண்டும். ஒரு வருடத்துக்கு அதிகபட்சம் நான்குதான் என்பதால், இது ஏறக்குறைய பத்து வருட உழைப்பு. அல்லது கிரீன் கார்டை விட்டுவிட்டு நிரந்தரமாக நாடு திரும்ப வேண்டும். அல்லது அவரோ கையெழுத்துப் போட்டவரோ இறந்துபோக வேண்டும். விவாகரத்தால் முடியாது. குடியுரிமை வாங்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது. இருபது வருடம் கிரீன் கார்டிலேயே இருப்பவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். மனம் மாறினால் பின்வாங்க ஒரு வழி உண்டு: தூதரகம் விசா வழங்குவதற்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவர் விசாவோடு வந்து இறங்கிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

சரி, நடைமுறையில் என்ன ஆகும்? வந்தவர் மெடிகெய்ட், உணவு உதவி மாதிரி வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் அரசு உதவிகளை வாங்கினால், அந்தத் தொகையை ஸ்பான்ஸரிடம் திருப்பிக் கேட்க அரசு அமைப்புகளுக்கு உரிமை உண்டு. இப்படி வசூலிப்பது அரிது என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் இதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொல்லி 2019 மே மாதம் வெள்ளை மாளிகை ஒரு குறிப்பாணையே அனுப்பியது. அடுத்த ஆட்சி 2021-இல் அதை ரத்து செய்தது. ஆட்சிக்கு ஆட்சி மாறும் ஒன்றை நம்பிப் பத்து வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட எனக்குத் தைரியம் இல்லை.

அரசைவிட அதிகம் யோசிக்க வேண்டியது இன்னொரு பக்கம். வந்தவரே ஸ்பான்ஸர் மேல் வழக்குப் போடலாம். அரசு நிர்ணயிக்கும் வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 சதவீதம் வரை தன்னைக் காப்பாற்றும்படி கேட்கலாம். 2025 கணக்குப்படி தனி ஒருவருக்கு அது வருடத்துக்கு 19,500 டாலருக்குச் சற்று மேல். அவருக்குச் சொந்த வருமானம் இருந்தால் அது கழியும். இல்லையென்றால்? 2012-இல் சிகாகோவில் உள்ள ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. சீனாவிலிருந்து வந்த மனைவி, விவாகரத்தான பிறகு, ஐ-864-இல் கையெழுத்துப் போட்ட முன்னாள் கணவர்மேல் தொடுத்தது. வேலை தேட முயன்றதாக அந்தப் பெண் காட்டவில்லை, அதனால் கொடுக்க வேண்டாம் என்று கீழ்நீதிமன்றம் சொல்லியிருந்தது. நீதிபதி போஸ்னர் எழுதிய தீர்ப்பு அதை மாற்றியது: இந்தப் பத்திரத்தின் நோக்கம், வந்தவர் அரசுக்குச் சுமையாகக் கூடாது என்பதே; வேலை தேடினால்தான் பணம் என்று ஸ்பான்ஸர் நிபந்தனை போட முடியாது. அந்த வழக்கில் மாட்டியவர் கணவர்தான். ஆனால் ஜாயிண்ட் ஸ்பான்ஸருக்கும் அதே பொறுப்பு முழுதாக உண்டு. கணவரின் வருமானத்தில் குறையும் தொகைக்கு மட்டும்தான் நாம் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கணவரிடம் வசூலாகவில்லையென்றால் மொத்தத்தையும் நம்மிடம் கேட்கலாம்.

இதைச் சொன்னதும், "பெண்கள் எல்லாம் வழக்குப் போடுவார்கள் என்று சந்தேகப்படுகிறாயா?" என்று யாரும் கிளம்ப வேண்டாம். நான் நினைப்பது நேர்மாறானது. தெரியாத ஊரில், வேலை இல்லாமல், கணவனால் கைவிடப்பட்டு நிற்கும் ஒரு பெண்ணுக்கு இந்தப் பத்திரம்தான் கடைசிப் பிடிமானம். அப்படி ஒரு நிலை வந்து அந்தப் பெண் என்னிடம் கேட்டால், கேட்பது நியாயம், நான் கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே, உண்மையில் நான் வாக்குக் கொடுப்பது அந்தத் தம்பிக்கு அல்ல, அவர் மனைவிக்கு. அவரோடு நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அவர் பெயரே, என் பகுதியைப் பாதி நிரப்பி அனுப்பியிருந்த பிடிஎஃப்பில் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். (அதில் என் அப்பா பெயரை என் பெயராகவும், என் பெயரைக் குடும்பப் பெயராகவும் மாற்றிப் போட்டிருந்தது. அந்த அளவுக்குத்தான் எங்கள் பழக்கம்.)

தம்பியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? சங்கத்தின் கிரிக்கெட் ஆட்டத்தில் பவுண்டரி ஓரம் நின்று பேசியிருக்கிறேன். மரியாதையான பையன். நாற்காலி அடுக்கச் சொன்னால் முதலில் வருவார். இதெல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் அவர் எங்கே வேலை பார்க்கிறார், கடன் எவ்வளவு, கல்யாணம் எப்படி நடந்தது, இருவரும் எவ்வளவு காலம் சேர்ந்து இருந்திருக்கிறார்கள், ஒரு சண்டை வந்தால் அவர் எப்படி நடந்துகொள்வார், எதுவும் தெரியாது. ஐ-864 என்னிடம் கேட்பது இதைத்தான், வேறு வார்த்தைகளில்.

"செலவு எதுவும் இல்லை" என்ற வரிக்கும் ஒரு பதில் உண்டு. இந்தப் படிவத்தோடு என் கடைசி வருட வருமான வரிப் பத்திரம், குடியுரிமை ஆதாரம், சம்பளச் சீட்டுகள் போக வேண்டும். படிவத்திலேயே என் சோஷியல் செக்யூரிட்டி எண், வீட்டு முகவரி, வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் இருக்கும். இவ்வளவையும் நான் அரசுக்கு நேராக அனுப்புவதில்லை. மனுதாரரிடம் கொடுக்கிறேன், அவர்தான் தன் கணக்கிலிருந்து விசா இணையதளத்தில் ஏற்றுகிறார். அந்தத் தம்பி எனக்கு அனுப்பியதும் "ஸ்கேன் பண்ணி வாட்ஸப்பில் அனுப்பிடுங்க அண்ணா" என்றுதான். கூடவே, ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்வரை நான் ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் 30 நாளுக்குள் ஐ-865 என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் 250 டாலரிலிருந்து அபராதம். வந்தவர் அரசு உதவி வாங்குவது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 5,000 வரை போகும்.

என் வீட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் ஸ்பான்ஸர் செய்து அழைத்துவந்த அம்மா. ஆக ஐந்து. அம்மா இன்னும் கிரீன் கார்டில்தான் இருக்கிறார். தம்பியின் மனைவியைச் சேர்த்தால் ஆறு. ஆறு பேருக்கு 2025 கணக்கில் குறைந்தபட்சம் சுமார் 53,900 டாலர் வருமானம் காட்ட வேண்டும். இன்றைக்கு அது எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அக்காவுக்கு நான் போட்டிருக்கும் மனு வரிசையில் நிற்கிறது. அது எப்போது வரும் என்று தெரியாது. வரும்போது அக்கா, மாமா, அவர்கள் மகள் என்று மூன்று பேர். அந்தச் சமயத்தில் தம்பியின் மனைவி குடியுரிமை வாங்கியிருக்காவிட்டால், அவரையும் என் வீட்டு ஆளாகக் கணக்கில் சேர்த்துத்தான் அக்காவுக்கான வருமானத்தை நான் காட்ட வேண்டும். ஐடி வேலை எவ்வளவு நிரந்தரம் என்பதை இந்தக் குழுவில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

இனி அந்தத் தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியும்படி எதுவும் இல்லை. முடியாது என்று சொன்ன கையோடு போனில் கூப்பிட்டு, என்ன கடிதம் வந்தது என்று கேட்டேன். அவர் அமெரிக்கக் குடிமகன். போன வருடம் பாதி வேலை இல்லாததால் வரிப் பத்திரத்தில் 19,000 டாலர் சொச்சம்தான் வருமானம். கணவன் மனைவி இரண்டு பேருக்கு 2025 கணக்கில் தேவை 26,437 டாலர். மனுவைக் கையாளும் நேஷனல் விசா சென்டர், உங்கள் வருமானம் போதாததுபோல் தெரிகிறது, ஜாயிண்ட் ஸ்பான்ஸரைக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தது. அதை அவரும் உத்தரவு என்று நினைத்தார், நீங்களும் அப்படியே எடுத்துக்கொண்டீர்கள். அது ஆலோசனை மட்டுமே. முடிவு எடுப்பவர் மும்பைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் செய்யும் அதிகாரி.

அடுத்து நான் கேட்டது: இப்போது என்ன சம்பளம்? கோடையில் புது வேலையில் சேர்ந்திருக்கிறார், வருடத்துக்கு 46,000. ஐ-864-இல் கேட்கும் முக்கியமான எண், போன வருட வரிப் பத்திரத்தில் உள்ளது அல்ல. இப்போதைய ஆண்டு வருமானம். நிறுவனத்திடமிருந்து வேலைச் சான்றுக் கடிதம், சேர்ந்ததிலிருந்து இன்றுவரை உள்ள சம்பளச் சீட்டுகள், இரண்டையும் வைத்தால் அவருடைய வருமானமே தாராளமாகப் போதும். வேலை மிகப் புதியது என்று அதிகாரி தயங்கலாம், அதற்கு உத்தரவாதம் இல்லை. அப்படித் தயங்கினாலும் அடுத்த வழி ஊரார் கையெழுத்து அல்ல, சொத்து. குடிமகனின் மனைவி என்றால், குறையும் தொகையைப்போல் மூன்று மடங்குக்கு, ஒரு வருடத்துக்குள் பணமாக்கக்கூடிய சொத்தைக் காட்டினால் போதும். வருமானம் 19,000 என்றே வைத்துக்கொண்டாலும் குறைவது 7,437. அதன் மூன்று மடங்கு சுமார் 22,300 டாலர். இருபது லட்ச ரூபாய் அளவில் வரும். வருகிற மனைவியின் சொத்தும் கணக்கில் சேரும். அந்தப் பெண்ணின் பெயரில் மதுரையில் ஒரு மனையும் வங்கியில் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்டும் இருக்கிறதாம். மனைக்கு மதிப்பீட்டாளர் சான்று, பட்டா, வில்லங்கச் சான்று என்று அலைய வேண்டும். டெபாசிட்டுக்கு வங்கிக் கடிதம் ஒன்றே போதும். ஆகவே முதலில் டெபாசிட்டைப் பார்க்கச் சொன்னேன்.

கடைசியாக, நெருங்கிய சொந்தம் யாராவது இங்கே இருக்கிறார்களா என்று கேட்டேன். கூடப் பிறந்த அண்ணன் டெக்சாஸில் இருக்கிறார், குடியுரிமை வாங்கி வருடங்கள் ஆகின்றன. "அவரிடம் கேட்கவில்லையா?" என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "அவர்கிட்ட கேட்க ஒரு மாதிரி இருக்கு அண்ணா" என்றார். நான் அதற்கு மேல் துருவவில்லை. ஆனால் கூடப் பிறந்தவரிடம் கேட்கக் கூசும் ஒன்றை, 300 பேர் உள்ள குழுவில் கேட்க நாம் அவருக்கு வழி செய்து கொடுத்திருக்கிறோம்.

நான் அவருக்கு எழுதிய பதிலையும் அப்படியே தருகிறேன். நான் கடுமையாகப் பேசியதாக ஒரு பேச்சு உலவுகிறது, நீங்களே பாருங்கள். "தம்பி, வணக்கம். ஐ-864 பல வருடங்களுக்குக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். குடும்பத்தாருக்கும், பல வருடம் நெருக்கமாகப் பழகியவர்களுக்கும் மட்டும் அதில் கையெழுத்துப் போடுவது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். உங்களையோ உங்கள் மனைவியையோ அந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. அதனால் என்னால் முடியாது. பிறகு பார்க்கலாம் என்று சொல்லி உங்களைக் காக்க வைக்க விரும்பவில்லை. வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு கூப்பிடுங்கள், ஸ்பான்ஸர் உண்மையிலேயே தேவையா என்று சேர்ந்து பார்ப்போம்." இவ்வளவுதான். வேலை அதிகம், வரிப் பத்திரம் இன்னும் தாக்கல் செய்யவில்லை என்று சாக்குச் சொல்லியிருந்தால் நல்ல பெயர் மிஞ்சியிருக்கும். அந்தத் தம்பிக்கு மாதங்கள் போயிருக்கும்.

நன்னடத்தைக் கடிதம் கேட்டு வரும் வேண்டுகோள்களையும் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது வேறு. அதில் எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்: இன்ன வருடத்திலிருந்து தெரியும், சங்க வேலைகளில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் என்று. அது பலவீனமான கடிதமாக இருக்கும், பொய்க் கடிதமாக இருக்காது. "பத்து வருடமாக நன்கு அறிவேன்" என்று ஏற்கெனவே டைப் செய்து வரும் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால் மட்டும்தான் அங்கேயும் மறுப்பேன். ஐ-864-இல் இப்படி அளவாகப் போடும் வசதி கிடையாது. அப்புறம், ஊரிலிருந்து பெற்றோர் சுற்றுலா விசாவில் வருவதற்கு அழைப்புக் கடிதம், ஸ்பான்ஸர் கடிதம் எதுவும் கட்டாயமில்லை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்காக முன்பின் தெரியாதவர்களைத் தொந்தரவு செய்வதை இன்றோடு நிறுத்தலாம்.

செயற்குழுவிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஸ்பான்ஸர் தேவை என்ற செய்தியைச் சங்கத்தின் பெயரில் போடாதீர்கள், ஆட்களை டேக் செய்யாதீர்கள். யாராவது உங்களிடம் வந்தால் முதலில் எந்தப் படிவம், என்ன கடிதம் வந்திருக்கிறது, இப்போதைய சம்பளம் என்ன, சொத்து உண்டா, சொந்தம் உண்டா என்று கேளுங்கள். நான் வழக்கறிஞன் அல்ல, நீங்களும் அல்ல. ஆகவே பொதுநிதியிலிருந்து ஒரு தொகை ஒதுக்கி, இப்படி வருபவர்கள் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் ஆலோசனை பெறுவதற்குச் சங்கம் கட்டணம் கட்டலாம். கலைவிழாவின் ஒலிபெருக்கி வாடகையைவிட அது குறைவாகவே இருக்கும். இந்தத் தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் நான் முன்மொழிகிறேன். வழிமொழிய உங்களில் ஒருவர் வேண்டும்.

இப்படிக்கு,
சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் ஒருவன்